ஸ்டெப் எங்கே தொலைகிறது: நின்ற நிலைத் தாண்டலில் இருந்து ட்ரிபிள் ஜம்ப் தாளத்துக்கு

கேள்வி: சென்னையில் ஒரு பள்ளியில் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பி.டி. எடுக்கிறேன். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொன்னால் ஓரளவு தாண்டுகிறார்கள். ட்ரிபிள் ஜம்ப் என்றால் ஹாப்பில் பறந்துவிடுகிறார்கள், ஸ்டெப் சும்மா ஒரு காலடி வைப்பதாகிவிடுகிறது. மணல் குழி ஒன்றுதான் இருக்கிறது. எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

பதில்:

கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதலில் மணலில் இரண்டு காலில் இறங்குவது, அப்புறம் அதற்கு முந்தைய ஸ்டெப், எல்லாம் அமைந்த பிறகு ஹாப். பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. ஹாப் என்பது நொண்டி. பாண்டி ஆடிய எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்ததை முதலில் கொடுத்தால் இருக்கிற பலத்தை எல்லாம் அதிலேயே கொட்டிவிடும். கடைசி ஜம்ப்பும் ஏறக்குறைய தெரிந்ததுதான். நடுவில் வரும் ஸ்டெப்பைத்தான் அவர்கள் எந்த விளையாட்டிலும் பழகியதில்லை. ஒற்றைக் காலில் தரையை அடித்து, காற்றில் நீண்டு, மறு காலில் இறங்கி, நிற்காமல் உடனே தாண்டவும் வேண்டும். பழகாத இந்தப் பகுதிக்கு நேரமும் வேகமும் மிஞ்சும்படி மற்ற இரண்டையும் அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

நின்ற நிலைத் தாண்டலில் இருந்து ட்ரிபிள் ஜம்ப்புக்கு நாம் எடுத்துப்போவது இரண்டு விஷயங்கள்: கை வீச்சு, மணலில் இறங்குவது.

கை வீச்சு. கால் விரல்கள் கோட்டுக்குப் பின்னால், பாதங்களுக்கு நடுவே இடுப்பகலம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, பிறகு கீழே கொண்டுவந்து பின்னால் விடும்போது இடுப்பு பின்னால் போய் முட்டி மடங்க வேண்டும். அதுவரை குதிகால் தரையில் இருக்கட்டும். கை முன்னால் திரும்பி வரும்போது உடம்பு முன்னால் சாயும். தோள் கால் விரலைத் தாண்டி முன்னே வந்த பிறகுதான் தரையைத் தள்ள வேண்டும். பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு இதில்தான்: சாய்வதற்கு முன்பே குதித்துவிடுகிறார்கள். பக்கத்தில் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தலை நேராக மேலே ஏறி இறங்குவது தெரியும். உயரம் இருக்கும், தூரம் இருக்காது. இன்னொரு தப்பு, கால் தள்ளி முடிந்த பிறகும் கை பின்னாலேயே தங்கிவிடுவது. இதைச் சரிசெய்ய, முட்டியை லேசாகத் தளரவிட்டு கையை மட்டும் இரண்டு முறை வீசச் சொல்லுங்கள். வகுப்பே சேர்ந்து “ஒண்ணு, ரெண்டு, போ” என்று சொல்ல, “போ”வுக்குத் தாண்டட்டும். வீசும்போது பாதம் தரையை விட்டு எழக்கூடாது. கோட்டில் ஒரு சின்னக் குதி குதித்து அந்த எழுச்சியில் தாண்டுவதைப் பழக விட்டால் பிறகு அளவெடுக்கும் நாளில் அதே பழக்கத்தால் தாண்டல் செல்லாமல் போகும்.

கை ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு தாண்டல், கை வீசி ஒரு தாண்டல், இரண்டுக்கும் குதிகால் விழுந்த இடத்தில் ஒவ்வொரு குச்சி. நடுவில் இருக்கும் இடைவெளியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

இறங்குவதை மணலே எழுதிக் காட்டும். தாண்டியதும் பிள்ளையை முன்பக்கமாக வெளியேறச் சொல்லிவிட்டு, கலைக்காமல் தடத்தைப் பாருங்கள். இரண்டு குதிகால் பள்ளம், அதே பள்ளத்திலோ அதற்கு முன்னாலோ உட்கார்ந்த தடம் இருந்தால் நல்ல இறக்கம். குதிகாலுக்குப் பின்னால் ஒரு கைத்தடமோ உட்கார்ந்த பள்ளமோ இருந்தால் தூரம் அங்கிருந்துதான் அளக்கப்படும். கோட்டுக்கு மிக அருகே உடம்பு மணலைக் கலைத்த இடம்தான் கணக்கு. 15 செ.மீ., 20 செ.மீ. இப்படி வீணாகப் போகும். கை பின்னால் ஊன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயமில்லை, விறைத்த முட்டி. நீட்டிய கால் கம்பு போல மணலில் குத்தி நிற்கும்போது உடம்பு அதைத் தாண்ட முடியாமல் பின்னால் சாய்கிறது. “குதிகால் தோண்டிய பள்ளத்திலேயே போய் உட்காரு” என்று சொல்லிப் பாருங்கள். குதிகால் பட்ட கணத்தில் முட்டியை மடக்கினால்தான் அந்தப் பள்ளத்துக்கு இடுப்பு வந்து சேரும். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரே குழி என்பதால் இதற்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. குழியின் நீளப் பக்கத்திலிருந்து குறுக்கே தாண்டவிட்டால் நான்கு பேர் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தாண்டலாம். குழியின் அகலம் விதிப்படி குறைந்தது 2.75 மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் குழியை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். 1.80 மீட்டருக்கு மேல் தாண்டுகிற பையன்களைக் குறுக்கே விடாதீர்கள். இறங்கிய வேகத்தில் முன்னால் விழுந்து எதிர் ஓரத்துச் சிமெண்ட் விளிம்பில் இடிப்பார்கள். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், மணல் நனைந்து மறுநாள் வெயிலில் மேலே ஓடு போல இறுகிவிடும். பார்க்க மணல் மாதிரியே இருக்கும், இறங்கினால் தரைதான். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கண்ணாடித் துண்டு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, ஓடுபாதை மட்டத்துக்குச் சமன் செய்தாக வேண்டும்.

இனி கடைசி ஜம்ப். குழி ஓரத்திலிருந்து அரை மீட்டரில் ஒரு சுண்ணாம்புக் கோடு. இரண்டு மூன்று எட்டு நடந்து வந்து, கோட்டில் ஒரு கால் வைத்து, மணலில் இரண்டு காலில் இறங்கட்டும். இதில் கவனிக்க வேண்டியது எந்தக் கால் என்பது. ஹாப் வலது காலில் கிளம்பினால் அதே வலதில் இறங்கி, ஸ்டெப் இடதில் இறங்கி, ஜம்ப் இடதிலிருந்து கிளம்பும். பலமான கால் இரண்டு முறை உழைக்கட்டும் என்று அதை ஹாப்புக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படியானால் கடைசி ஜம்ப் பிள்ளைக்குப் பிடிக்காத காலில் விழுகிறது. நின்ற நிலைத் தாண்டலில் இரண்டு காலும் சேர்ந்து தள்ளுவதால் பலவீனமான காலின் குறை வெளியே தெரிவதில்லை. அதனால் இந்தக் கட்டத்தை அந்தக் காலில்தான் அதிகம் செய்ய வேண்டும். எது பலமான கால் என்று தெரிய, ஒவ்வொரு காலிலும் ஐந்து நொண்டி போகச் சொல்லுங்கள். தூரம் மட்டுமில்லை, எந்தப் பக்கத்தில் உடம்பு ஆடாமல் நேராகப் போகிறது என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆடாத காலை எடுத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது ஸ்டெப். இதில்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். கோட்டுக்கு 1 மீட்டர் பின்னால் இன்னொரு கோடு போடுங்கள். பின் கோட்டில் வலது காலில் நின்று தள்ளி, முன் கோட்டில் இடது காலில் இறங்கி, நிற்காமல் மணலுக்குள் தாண்ட வேண்டும். ஸ்டெப் என்பது காலை எடுத்து வைப்பது இல்லை. முன் தொடை தரைக்குக் கிடையாக வரும்வரை முட்டியைத் தூக்கி, அதை அப்படியே காற்றில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது. பிள்ளைகளுக்கு “முட்டியைத் தூக்கி வெச்சிரு, கீழ விடாத” என்றால் புரிந்துவிடும். இறங்குவதற்குச் சற்று முன் அந்தக் கால் கீழேயும் பின்னேயும் இழுத்து, முழுப் பாதமும் தட்டையாகத் தரையை அடிக்க வேண்டும்.

பாதம் எப்படி விழுகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். தட்டையாக விழுந்தால் ‘டப்’ என்று சுருக்கமாக ஒரே சத்தம். குதிகால் முந்தினால் ‘டொக்-தப்’ என்று உடைந்து கேட்கும். குதிகால் முந்துகிற பிள்ளை காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டுகிறது என்று அர்த்தம், ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக் போடுகிறது. விரல் நுனியில் விழுந்தால் சத்தம் மெல்லியதாக இருக்கும், ஆனால் முட்டி தொய்ந்து உடம்பு உட்கார்ந்துவிடும். அங்கிருந்து கிளம்ப ஒரு நொடி ஆகும், தாளம் அங்கேயே போயிற்று.

1 மீட்டர் எளிதாக வந்தால் 1.25, பிறகு 1.50. மூன்று இடைவெளிகளையும் அடுத்தடுத்த தடங்களில் போட்டுவைத்து, பிள்ளையே தன் தடத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். இடைவெளியில் ஏதாவது வைத்துத் தாண்டச் சொல்ல வேண்டுமானால் பழைய சைக்கிள் டியூபோ அட்டைப் பெட்டியின் மூடியோ போதும். செங்கல் வேண்டாம்.

இப்போது ஹாப்பைச் சேர்க்கலாம். அதற்கு முன் கால் வரிசை நாக்கில் ஏறட்டும். “அதே, மாத்து, ரெண்டும்.” ஹாப்பில் அதே கால், ஸ்டெப்பில் மாற்றுக் கால், கடைசியில் இரண்டும். முதலில் நின்ற இடத்தில் சொல்லிக்கொண்டே, பிறகு நடையில், பிறகு மெல்லிய ஓட்டத்தில். இடது வலது என்று சொன்னால் எந்தக் காலில் கிளம்பினோம் என்பதைப் பொறுத்துக் குழம்பும். இந்த மூன்று சொல்லில் குழப்பமே வராது. அவசரத்தில் பலரும் செய்வது இரண்டு தப்பு: முதல் இறக்கத்திலேயே காலை மாற்றிவிடுவது, அல்லது இரண்டு தடவையும் அதே காலில் நொண்டுவது. இரண்டுமே செல்லாது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜேம்ஸ் கானலி இரண்டு ஹாப், ஒரு ஜம்ப் என்றுதான் 13.71 மீட்டர் தாண்டி வென்றார். அன்றைக்கு அது செல்லுபடியானது, இன்றைக்கு இல்லை. தொங்கும் கால் நடுவில் தரையில் உரசிவிட்டால் அது தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தப் பயத்தில் சில பிள்ளைகள் பின்காலை விறைப்பாக மடக்கிக்கொண்டு திணறுவார்கள்.

தாளத்தைச் சொல்லிக்கொடுக்க, தாண்டுகிற பிள்ளைக்கு வகுப்பு முதுகைக் காட்டி நிற்கட்டும். பார்க்கக்கூடாது, கேட்க வேண்டும். கேட்டதைக் கைதட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். கிளம்பும் அடி, ஹாப் இறங்கும் அடி, ஸ்டெப் இறங்கும் அடி, மணலில் விழும் சத்தம் என்று நான்கு ஒலிகள், நடுவில் மூன்று இடைவெளிகள். தொடக்கநிலைப் பிள்ளை தாண்டினால் கேட்பது “தாம்... ... தாம்.தாம்... தாம்”. ஹாப் நீண்டு, ஸ்டெப் ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு வேண்டியது “தாம்... தாம்... தாம்... தாம்”. ஆதி தாளத்தின் எண்ணிக்கை போலச் சீராக. கைதட்டலைக் கேட்டால் தாண்டிய பிள்ளைக்கே எது குறைந்தது என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் பிரவீன் சித்ரவேல் 2023-ல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார். அவர் தாண்டும் வீடியோ கிடைத்தால் பிள்ளைகளை அந்த இடைவெளிகளுக்குக் கைதட்டச் சொல்லுங்கள்.

ஸ்டெப் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 9-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் 1.70 மீட்டர் தாண்டுகிறாள். ஐந்து எட்டு ஓடிவந்து மும்முறை தாண்டும்போது, பக்கவாட்டில் நிற்கும் இரண்டு பிள்ளைகள் அவள் கால் விழுந்த இடங்களில் கல் வைக்கிறார்கள். ஹாப் 2.60, ஸ்டெப் 1.20, ஜம்ப் 2.10. மொத்தம் 5.90 மீட்டர். “சார், ரெண்டாவது கால் வைக்கறதுக்கு நேரமே இல்ல சார்” என்பாள். அவள் சொல்வது சரிதான். 2.60 போவதற்காக அவள் மேலே ஏறினாள். எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறாளோ அவ்வளவு அழுத்தம் அந்த ஒற்றைக் காலில் விழுகிறது. முட்டி தாங்காமல் மடங்குகிறது, மார்பு முன்னால் குனிகிறது. விழாமல் இருக்க அடுத்த காலை அவசரமாகக் கீழே வைக்கிறாள். அந்த அவசரக் காலடிதான் 1.20 மீட்டர் ஸ்டெப். ஸ்டெப்பில் அவளுக்குக் குறை எதுவும் இல்லை, ஹாப்பில் அதிகமாகச் செலவு செய்துவிட்டாள்.

அதனால் “ஸ்டெப்பை நீட்டு” என்று கத்திப் பயனில்லை. ஹாப்பைக் குறைக்க வேண்டும். கிளம்பும் கோட்டிலிருந்து 2.20 மீட்டரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஹாப் அதைத் தாண்டக்கூடாது என்று விதி வையுங்கள். அதிலிருந்து 1.70-ல் இன்னொரு கோடு, அது ஸ்டெப்புக்கு. “மேல ஏறாத, ஓட்டத்தோட அப்படியே போ” என்பது மட்டும் போதும். நாலைந்து முயற்சியில் அவள் 2.20, 1.75, 2.15 என்று தாண்டினால் மொத்தம் 6.10. ஹாப்பில் 40 செ.மீ. விட்டுக்கொடுத்து மொத்தத்தில் 20 செ.மீ. சம்பாதித்தாள். ஜம்ப் ஏன் குறையவில்லை என்றால், ஸ்டெப்பில் நிமிர்ந்து இறங்கியதால் வேகம் கையில் மிஞ்சியது. உலக சாதனையிலும் இதே கணக்கு ஓடுகிறது. 1995-ல் கோதன்பர்க்கில் ஜோனதன் எட்வர்ட்ஸ் தாண்டிய 18.29 மீட்டரில் ஹாப் 6.05, ஸ்டெப் 5.22, ஜம்ப் 7.02. மூன்றில் ஸ்டெப்தான் குட்டை, ஆனால் மொத்தத்தில் அதன் பங்கு கால்வாசிக்கு மேல். நம் மாணவியின் முதல் தாண்டலில் அது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் கால்வாசிக்கு மேல்.

கிளம்பும் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வரும். ஹாப்பும் ஸ்டெப்பும் சேர்ந்து சுமார் 4 மீட்டர், கடைசிக் கால் குழி ஓரத்திலிருந்து அரை மீட்டரில் விழ வேண்டும். ஆக குழியிலிருந்து 4.5 மீட்டர். போட்டி விதிப்படி பெண்களுக்குப் பலகை 11 மீட்டரில், ஆண்களுக்கு 13 மீட்டரில் இருக்கும். அந்தப் பலகையிலிருந்து இவர்களைத் தாண்டவிட்டால் குழிக்கு வராமலேயே தரையில் விழுவார்கள். மாறாக, கோடு மிகக் கிட்டே இருந்தால் ஸ்டெப் கால் மணலில் புதைந்து கணுக்கால் புரளும். 4.5, 5.5, 6.5 மீட்டரில் மூன்று கோடுகள் போட்டு வைத்தால் பெரும்பாலான 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதும். ஒருவர் தாண்டி, குழியை விட்டு வெளியேறிய பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும்.

இடப் பற்றாக்குறையால் பீச்சுக்குக் கூட்டிப்போகலாமா என்ற யோசனை வரலாம். காய்ந்த மணலில் நின்ற நிலைத் தாண்டலும் இறக்கமும் நன்றாகப் பழகலாம். ஹாப்பும் ஸ்டெப்பும் அங்கே வேண்டாம். பாதம் புதைவதால் தரையிலிருந்து திருப்பி எதுவும் கிடைக்காது, தாளம் கேட்காது. அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், ஒரே கணுக்கால் திரும்பத் திரும்பச் சுமை வாங்கும். சிமெண்ட் முற்றத்திலும் இவற்றைச் செய்யாதீர்கள். புல்லோ கொஞ்சம் மெத்தென்ற மண் தரையோ வேண்டும். பள்ளிச் சீருடையோடு போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் அடி மெல்லியது, குதிகாலுக்குக் காப்பு கிடையாது. புல்லில் அதைவிட வெறுங்கால் பரவாயில்லை.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒற்றைக் கால் இறக்கங்களை எண்ணுங்கள். ஒரு முழு மும்முறைத் தாண்டலில் இரண்டு. பயிற்சிகளையும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பில் 40-க்கு மேல் போக வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. இந்த வயதில் எலும்பு வேகமாக வளர்கிறது. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டை விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்றாலோ, குதிகாலின் பின்பக்கத்தை இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் வலிக்கிறது என்றாலோ, அந்தப் பிள்ளைக்குத் தாண்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். நின்ற நிலைத் தாண்டலும் அப்போது வேண்டாம். அந்த நாட்களில் அளவு நாடா பிடிப்பது, கைதட்டிக் கணக்குச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை.

ஓட்டத்தை எப்போது நீட்டலாம்? நின்ற நிலையில் வரிசை பிடிபட்டதும் மூன்று எட்டு, பிறகு ஐந்து, பிறகு ஏழு. ஒற்றைப்படையாக வைத்தால், ஹாப் காலையே முதல் எட்டாக வைத்துக் கிளம்பி, அதே காலில் கோட்டுக்கு வந்து சேரலாம். வலது காலில் ஹாப் என்றால் வலது, இடது, வலது, இடது, வலது. ஐந்தாவது அடி கோட்டில். தொடர்ந்து மூன்று தாண்டலில் கைதட்டல் சீராக வந்தால் இரண்டு எட்டு கூட்டுங்கள். ஓட்டம் கூடியதும் ஹாப் மறுபடி மேலே ஏறும், ஸ்டெப் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது எல்லாருக்கும் நடக்கும். அப்போது பேசிப் புரியவைக்க முயலாமல் பழைய ஓட்டத்துக்கே திரும்பி, 2.20 கோட்டை மறுபடி போட்டுவிடுங்கள்.